ஏழு உரையாடல்கள், ஒரு மாலை
(அகமுகிப் பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும்)

வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளையை "அமைதியான பிள்ளை" என்று ஆசிரியைமார் சொல்வார்கள். அந்தப் பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பார்த்தால் அங்கே அமைதி இராது. வகுப்புக் குழு, டியூஷன் குழு, குடும்பக் குழு, தனித்தனியே நாலைந்து தோழிகள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் அவளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நேரில் ஒருவரோடு பேசி முடித்த பின்னரே அடுத்தவரிடம் போகப் பழகிய மனம் அது. வாட்ஸ்அப்பில் அதற்கு வழி கிடைப்பதில்லை.

நானும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளைதான். உயர்தரம் படிக்கும் இந்த இரண்டு ஆண்டுகளில் என்னிடமும் என்னைப் போன்ற தோழிகளிடமும் இரண்டு பழக்கங்களைக் கண்டிருக்கிறேன். ஒன்று, எல்லோருக்கும் "ம்", "சரி", "ஹா ஹா" என்று இயந்திரம் போலப் பதில் போடுவது. மற்றது, பதிலே போடாமல் மெல்ல மெல்ல மறைந்துபோவது. பார்ப்பதற்கு இவை எதிரெதிரான பழக்கங்கள். உண்மையில் முதலாவதுதான் இரண்டாவதற்கு வழிகாட்டுகிறது. எல்லோருக்கும் உடனே பதில் போட முயல்கிறோம், அதனால் பதில்கள் வெறுமையாகின்றன. வெறுமையான பதிலைப் போட்டவளுக்கே அது கூச்சமாக இருக்கிறது. கூச்சம் வந்ததும் அந்தப் பெயரைத் திறக்கவே மனம் பின்வாங்குகிறது. மூன்று வாரம் கழிந்தால் ஒரு சிநேகம் எந்தச் சண்டையும் இல்லாமல் முடிந்துபோயிருக்கும்.

இது எப்படி நடக்கிறது, நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை ஒரு மாலைப் பொழுதின் கணக்கை வைத்து விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எது களைப்பாக்குகிறது?

அகமுகி, புறமுகி என்ற பிரிவைப் பரவலாக்கியவர் சுவிற்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங். அவரது உளவியல் வகைகள் பற்றிய நூல் 1921 இல் வெளிவந்தது. மனத்தின் சக்தி வெளியே ஆட்களையும் பொருட்களையும் நோக்கிப் பாய்கிறதா, உள்ளே எண்ணங்களை நோக்கித் திரும்புகிறதா என்பதைக்கொண்டு அவர் இந்த வேறுபாட்டைச் சொன்னார். அகமுகி என்றால் கூச்சக்காரி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கூச்சம் என்பது மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அகமுகிக்கு அந்தப் பயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேடையில் தயங்காமல் பேசி முடித்துவிட்டு, பிறகு அரைமணி நேரம் தனியே இருக்க விரும்பும் பிள்ளையும் அகமுகிதான்.

"சக்தி" என்பது இங்கே ஓர் உவமை மட்டுமே. அதை அளக்கக் கருவி கிடையாது. ஆனால் அது எங்கே செலவாகிறது என்பதைக் கவனித்துப் பார்க்கலாம். ஒரே தோழியோடு இரவு 12 செய்திகள் பரிமாறினால் நான் களைப்பதில்லை. ஆறு பேருக்கு இரண்டிரண்டாக அதே 12 செய்திகளை அனுப்பினால் தலை கனக்கிறது. செய்திகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் தாவிய தடவைகள்தான் வேறு.

இந்தத் தாவலைப் பற்றி அமெரிக்காவில் சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் அடுத்த வேலை பழுதாகிறது என்பது அவரது முடிவு. தங்கிவிடும் பகுதியை அவர் கவன எச்சம் என்றார். அவர் ஆராய்ந்தது அலுவலக வேலை போன்ற பணிகளையே. ஆனால் ஒரு தோழியின் கவலையை வாசித்துப் பாதிப் பதில் எழுதும்போது, மேலே வகுப்புக் குழுவின் பகிடி ஒன்று வந்து விழுந்து, அதைத் திறந்து சிரித்துவிட்டுத் திரும்பி வந்தவளுக்கு இதைத் தனியே விளக்கத் தேவையில்லை. திரும்பி வரும்போது எழுத நினைத்த வாக்கியம் போயிருக்கும். "கவலப்படாத" என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே அகமுகிக்குத் தேவைப்படுவது தாவல்களைக் குறைப்பது. ஆட்களைக் குறைப்பது அதன் பிறகு யோசிக்க வேண்டிய விடயம், பல நேரம் அதற்குத் தேவையே வராது.

செய்தி என்ன கேட்கிறது?

தாவலைக் குறைக்க வேண்டுமானால் செய்திகளை வந்த வரிசையில் பார்ப்பதை நிறுத்த வேண்டும். தொலைபேசி கடைசியாக வந்ததை மேலே காட்டும். கடைசியாக வந்தது முக்கியமானது என்று அதற்கு அர்த்தமில்லை. நான் பார்க்கும் விதம் வேறு. இந்தச் செய்தி என்னிடம் என்ன கேட்கிறது என்று மட்டும் பார்ப்பேன். எனக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலாவது தகவல் கேட்பது. "நாளைக்கு வகுப்பு எத்தின மணிக்கு?" என்பது போல. இதற்குச் சுருக்கமான பதில் போதும். "3.30" என்று மட்டும் போட்டாலும் அது இயந்திரப் பதில் ஆகாது, ஏனென்றால் கேட்டவளுக்குத் தேவை அவ்வளவுதான்.

இரண்டாவது துணை கேட்பது. படம் அனுப்புவார்கள், பகிடி அனுப்புவார்கள், "என்ன செய்றாய்?" என்பார்கள். இவர்கள் கேட்பது பதிலை அல்ல, நாம் அங்கே இருக்கிறோமா என்பதை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்வதில் ஒன்றாவது அவருக்கென்றே சொன்னதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது மனப்பாரத்தை இறக்குவது. இது பெரும்பாலும் சின்னச் செய்தியாகவே வரும். நீண்ட கவலைகளை எழுத நம்மில் பலருக்கு வெட்கம். ஒரு வரியை எறிந்துவிட்டு யாராவது எடுக்கிறார்களா என்று பார்ப்போம். இந்த வகையை மற்ற இரண்டுக்குள்ளும் கலந்து தவறவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய நட்டம்.

ஒரு செவ்வாய்க்கிழமை

இனிக் கணக்கைப் பார்ப்போம். கடந்த தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பாடசாலை 1.30 க்கு முடிந்தது. 3 மணி முதல் 5.30 வரை டியூஷன். மஃரிபுக்குப் பிறகு 7 மணிக்குத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். ஏழு உரையாடல்களில் 70 செய்திகள் காத்திருந்தன.

வகுப்புக் குழுவில் 41. குடும்பக் குழுவில் 14, டோஹாவில் இருக்கும் மச்சான் பிள்ளையின் படம் போட்டிருந்தார். டியூஷன் குழுவில் 9. சாச்சியின் மகளிடமிருந்து 3, கலியாணத்துக்கு என்ன நிறத்தில் உடுப்பது என்ற கேள்வி. பத்தாம் ஆண்டுத் தங்கச்சி ஒருத்தி குறிப்பு ஒன்று கேட்டு 1. புத்தளத்துக்கு வீடு மாறிப்போன பழைய தோழியிடமிருந்து நாலு நிமிடக் குரற்பதிவு 1. கடைசியாக, பட்டியலின் அடியில், என் வகுப்புத் தோழி பகல் 2 மணிக்கு அனுப்பியிருந்த ஒரு வரி: "நாளைக்கு நான் வரல்ல. இனி எப்ப வாறதெண்டும் தெரியா."

(இந்தத் தோழியின் செய்தியை அவளிடம் கேட்ட பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.)

மேலிருந்து கீழே போயிருந்தால் முதலில் 41 பகிடிகள், பிறகு 14 வாழ்த்துகள். அடியில் இருந்த அந்த வரியை அடையும்போது எட்டு மணி ஆகியிருக்கும். களைத்த கண்ணுக்கு அது தகவல் போலத் தெரியும். "ஏன், காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.

அதனால் எதையும் திறக்காமல் பட்டியலை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம். ஒவ்வொரு பெயரின் கீழும் கடைசிச் செய்தியின் முதல் சில சொற்கள் தெரியும். ஒரு நிமிடம் போதும். பாரமான செய்தி எதுவென்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். அதை முதலில் திறப்பேன், மனம் புதிதாக இருக்கும்போதே.

அவளுக்கு நான் எழுதியது இது: "இனி எப்ப வாறதெண்டும் தெரியா எண்டு எழுதியிருக்காய். அதுதான் என்ட மனசில நிக்குது. என்ன நடந்த? எழுதக் கஷ்டமெண்டா இப்பவே கோல் எடுக்கிறன்." ஐந்து நிமிடத்தில் "எடு" என்று பதில் வந்தது. பதினெட்டு நிமிடம் பேசினோம். அவளது உம்மாவுக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரியில் நிற்பாட்டியிருக்கிறார்கள். வீட்டில் இரண்டு தம்பிமார். பார்க்க வேறு ஆளில்லை. அவள் என்னிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. வகுப்பாசிரியையிடம் விடயத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், நாளாந்தம் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும். தானே ஆசிரியைக்கு அழைத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டையும் நான் செய்வதாகச் சொன்னேன்.

பேசி முடித்ததும் அடுத்த உரையாடலுக்கு உடனே போகவில்லை. அவள் சொன்ன இரண்டு வேலைகளையும் ஒரு தாளில் எழுதினேன். எழுதி வைத்தால் மனம் அதைச் சுமந்துகொண்டு திரியாது. பிறகு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் முற்றத்தில் நின்றேன். பாரமான பேச்சுக்குப் பின் இந்த இடைவெளியை விட்டால், அடுத்து யாருக்கு எழுதினாலும் அதில் முந்திய பேச்சின் சோர்வு ஒட்டிக்கொள்கிறது.

அடுத்ததாகத் தகவல்கள், ஒரே மூச்சில். டியூஷன் குழுவில் நேரம் மாறியதை மட்டும் பார்த்துக் குறித்தேன். வகுப்புக் குழுவில் 41 செய்திகளையும் வாசிக்கவில்லை. தேடும் கட்டத்தில் "ஒப்படை" என்று எழுதித் தேடினேன், புவியியல் ஒப்படை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தது. பத்தாம் ஆண்டுத் தங்கச்சிக்குக் குறிப்பை அனுப்பினேன். மூன்றுக்கும் சேர்த்து ஏழு நிமிடம். இவை ஒரே வகையான வேலை என்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது களைப்பாக்கவில்லை.

பிறகு துணை கேட்ட இரண்டு. சாச்சி மகளுக்கு "பச்சை வேணாம், போன கலியாணத்துக்கும் நீ பச்சைதானே. மெரூன் உனக்கு வடிவு" என்று எழுதினேன். குடும்பக் குழுவில் எல்லோரும் ஒரே வாழ்த்தை எழுதியிருந்தார்கள். நான் "நெற்றி அப்படியே வாப்பும்மாட நெற்றி" என்று ஒரு வரி போட்டேன். இரண்டுக்கும் நாலு நிமிடம்.

புத்தளத் தோழியின் குரற்பதிவை அன்று கேட்கவில்லை. நாலு நிமிடம் பேசியிருக்கிறாள் என்றால் அவள் இருந்து பேசியிருக்கிறாள், நானும் இருந்து கேட்க வேண்டும். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்க வாட்ஸ்அப்பில் வசதி இருக்கிறது. டியூஷன் விளக்கத்துக்கு அது பரவாயில்லை. ஒரு தோழியின் குரலை அப்படிக் கேட்டால் சொற்கள் கிடைக்கும், அவள் எந்த இடத்தில் தயங்கினாள் என்பது கிடைக்காது. அவளுக்கு எழுதினேன்: "உன்ட வொய்ஸ் வந்திருக்கு. இண்டைக்கு மனம் களைச்சுப்போச்சு. நாளைக்கு அஸருக்குப் பிறகு இருந்து கேட்டுட்டு நானும் பேசி அனுப்புறன்."

7.45 க்குத் தொலைபேசியை வைத்துவிட்டேன். 40 செய்திகளளவில் வாசிக்காமலே விட்டேன். அடுத்த நாள் ஒருத்தி "நேற்று குழுவில நீ ஒரு வாய்கூடத் திறக்கல்ல" என்றாள். உண்மைதான். எல்லா இடத்திலும் இருக்க முடியாது என்பதால் எங்கே இல்லாமலிருப்பது என்பதை நானே தெரிந்தெடுத்தேன். அவளது குறையைக் கேட்டுக்கொள்வதும் அந்தத் தெரிவோடு சேர்ந்துதான் வருகிறது.

இயந்திரப் பதிலை எப்படி அறிவது?

சின்னப் பதில் எல்லாம் இயந்திரப் பதில் அல்ல. நீண்ட பதில் எல்லாம் உயிருள்ளதும் அல்ல. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே. எழுதிய பதிலை அப்படியே இன்னொருவருக்கு அனுப்பினாலும் பொருந்துமா என்று பார்ப்பேன். "கவலப்படாத, எல்லாம் சரிவரும்" என்பது யாருக்கும் பொருந்தும். "தம்பிமார் ரெண்டு பேரும் சாப்பிட்டாங்களா?" என்பது அவள் ஒருத்திக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாவது வசனம் முதலாவதைவிட நீளமானதல்ல.

வழி இலகுவானது. அவர் அனுப்பியதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பதிலில் வைக்க வேண்டும். நான் தோழியின் "எப்ப வாறதெண்டும் தெரியா" என்ற சொற்களையே திருப்பி எழுதியதன் காரணம் அதுதான். அவள் எறிந்த வரியை ஒருத்தி எடுத்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதோடு நம் பக்கத்திலிருந்து ஒன்று, ஒரு கேள்வியோ ஒரு நினைவோ. இரண்டு வரிக்கு மேல் தேவையில்லை. இதைப் பத்துப் பேருக்குச் செய்ய முடியாது. ஒரு மாலையில் மூன்று பேருக்குச் செய்யலாம். ஆகவே யார் அந்த மூவர் என்பதைத்தான் ஒவ்வொரு நாளும் தீர்மானிக்கிறோம்.

மறையாமல் பின்வாங்குவது

சில நாட்களில் மூவருக்குக்கூட முடியாது. பரீட்சை நெருங்கும், வீட்டில் விருந்தினர் இருப்பார்கள், அல்லது காரணமின்றியே மனம் மூடிக்கொள்ளும். அந்த நாளில் பின்வாங்குவதில் தவறில்லை. சொல்லாமல் பின்வாங்கும்போதுதான் அது மறைவாகிறது. அங்கே இருக்கும் தோழிக்கு நம் களைப்புத் தெரியாது, நீலக் குறி இரண்டு மட்டும் தெரியும். மிச்சத்தை அவளது கற்பனை நிரப்பிக்கொள்ளும், பெரும்பாலும் தன்னிடமே பிழை இருப்பதாக.

இதற்குத்தான் நான் புத்தளத் தோழிக்கு அனுப்பியது போன்ற ஒரு செய்தி வேண்டும். அதில் மூன்று விடயங்கள் இருக்கின்றன: உன்னுடையது கிடைத்தது, இப்போது முடியவில்லை, இந்த நேரத்தில் வருவேன். மூன்றாவதை விட்டுவிட்டால் செய்தி பழுதாகிவிடும். "பிறகு பேசுறன்" என்பதில் நேரம் இல்லை. நேரம் இல்லாத வாக்கை நம் மனமே கணக்கில் எடுப்பதில்லை. "நாளைக்கு அஸருக்குப் பிறகு" என்றால் அடுத்த நாள் அஸர் தொழுது முடிந்ததும் அது தானாக நினைவுக்கு வரும். நான் இரண்டு நாளுக்கு மேல் தவணை கேட்பதில்லை. அதற்கு மேல் தள்ளினால் திரும்பிப் போவதே ஒரு வேலையாகிவிடுகிறது.

தொலைபேசியில் இதற்கு உதவும் சில வசதிகளும், அவற்றுக்குள் சில பொறிகளும் இருக்கின்றன. முக்கியமான மூன்று பேரைப் பட்டியலின் மேலே குத்தி வைக்கலாம், அப்போது அவர்களது செய்தி குழுக்களுக்கு அடியில் புதையாது. குழுக்களின் ஒலியை 8 மணித்தியாலத்துக்கோ ஒரு வாரத்துக்கோ எப்போதைக்குமோ நிறுத்தலாம், குழுவை விட்டு விலகத் தேவையில்லை. Mark as unread என்ற தெரிவு ஒன்று இருக்கிறது. வாசித்த செய்தியை வாசிக்காதது போல நமக்கு அடையாளமிடும். ஆனால் அனுப்பியவருக்குப் போன நீலக் குறி போனதுதான், அது திரும்பாது. அதைவிடப் பெரிய சிக்கல், வாசித்துவிட்டுத் தள்ளிவைத்த செய்தி நம் மனத்தில் வாசிக்காததாக இருப்பதில்லை. அது உள்ளே இருந்து பேசிக்கொண்டே இருக்கும். பதில் எழுத நேரமும் மனமும் இல்லாதபோது திறக்காமல் விடுவதே மேல்.

நீண்ட நாள் மறைந்த பிறகு

எல்லாவற்றையும் செய்தும் சில உரையாடல்கள் நழுவிவிடும். மாதக்கணக்கில் பேசாத ஒருவரிடம் திரும்பிப் போக அகமுகிக்குக் கால் எழாது. மன்னிப்புக் கேட்க ஒரு பந்தி எழுதுவாள், அழிப்பாள், இன்னும் நீளமாக எழுதுவாள், அனுப்பாமல் விட்டுவிடுவாள்.

இந்த இடத்தில் ஓர் ஆய்வு முடிவு எனக்குத் தைரியம் தந்தது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெகி லியூவும் அவரது சக ஆய்வாளர்களும் 2022 இல் வெளியிட்டது அது. பழகியவர் ஒருவரை எதிர்பாராமல் தொடர்புகொள்ளும்போது, அதை அவர் எவ்வளவு விரும்புவார் என்பதை அனுப்புகிறவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். பெற்றுக்கொண்டவர்கள் நினைத்ததைவிட அதிகம் மகிழ்ந்தார்கள்.

பெற்றுக்கொண்ட அனுபவம் எனக்கும் உண்டு. நாலு மாதம் ஒரு சொல்லும் பேசாதிருந்த ஒரு தோழி ஒரு நாள் திடீரென்று எழுதினாள்: "உங்கட வீட்டு மாமரம் இந்த முறை காய்ச்சிச்சா?" அவ்வளவுதான். ஏன் பேசவில்லை என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் மாமரம் அவளுக்கு நினைவிருந்தது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. மரத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அவள் ஒரு பந்தி மன்னிப்பு எழுதியிருந்தால் நான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்திருக்கும். அதுவும் எனக்கு ஒரு வேலையாகியிருக்கும். திரும்பி வருகிறவர்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு சின்னப் பொருளோடு வந்தால் கதவு இலகுவாகத் திறக்கிறது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

ஒரே ஆளுக்குத் தொடர்ந்து மூன்று தடவை இமோஜி மட்டும் போட்டிருந்தால், தொலைபேசியில் சார்ஜ் முடிந்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தால், ஒரு பெயரைக் கண்டதும் விரல் அதைத் தாண்டிப் போனால், உரையாடல்கள் அளவுக்கு மீறிவிட்டன என்று அர்த்தம். அன்று மாலை பட்டியலைப் பார்த்து ஒருவரை மட்டும் தெரிந்தெடுத்து அவருக்கு இரண்டு வரி எழுதினால் போதும்.

ஆனால் எல்லாச் சோர்வும் அகமுகிச் சோர்வு அல்ல. தனியே இருந்தால் அகமுகிக்குத் தெளிவு திரும்பும். தனியே இருந்தும் திரும்பாவிட்டால், பிடித்த புத்தகமும் பிடிக்காமல் போனால், தூக்கமும் சாப்பாடும் குழம்பினால், இப்படி இரண்டு வாரம் நீடித்தால், அது உரையாடல்களை ஒழுங்குபடுத்தித் தீரும் விடயமல்ல. உம்மாவிடமோ பாடசாலை ஆலோசனை ஆசிரியையிடமோ சொல்ல வேண்டியது. தேவைப்பட்டால் அவர்கள் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை குடும்பக் குழுவில் எழுதுவதில்லை என்பதால் சொந்தபந்தத்தில் பாசமில்லை என்று எண்ண வேண்டாம். "மாமிக்கு ஸலாம் போடு, சாச்சாவுக்கு வாழ்த்துப் போடு" என்று பக்கத்தில் நின்று சொன்னால் அவள் போடுவாள், ஆனால் அது இயந்திரப் பதிலுக்குக் கொடுக்கும் பயிற்சி. அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு தடவை மாமியோடு அவளைத் தனியே கோலில் பேச விடுங்கள். டியூஷன் முடிந்து வந்ததும் அரைமணி நேரம் யாரும் அவளிடம் எதையும் கேட்காமல் விட்டுப் பாருங்கள். அதன் பிறகு உங்களிடமே அவள் எவ்வளவு பேசுகிறாள் என்று தெரியும்.

தோழியரே, இன்றிரவு பட்டியலைத் திறக்கும்போது மேலே மின்னுவதைத் தொடாமல் ஒரு தடவை அடிவரை பாருங்கள். பகல் 2 மணிக்கு வந்த ஒரு வரி அங்கே கிடக்கலாம்.